செய்கூலி, சேதாரம், இலாபம்: வீட்டில் செய்யும் மணி நகைக்கு விலை போடுவது பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே செட்டைப் பற்றியது. 18 அங்குல மாலை ஒன்று. அதில் 8 மில்லிமீற்றர் நீலக் கண்ணாடி மணி 48. நாலு மணிக்கு ஒன்றாக இடையிலும் இரண்டு முனையிலும் 4 மில்லிமீற்றர் உலோக மணி, மொத்தம் 13. கூடவே அதே மணியில் ஒரு சோடி தோடு, அதற்கு நீல மணி 2, உலோக மணி 2. விலைகள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. உங்கள் பில்லில் இருக்கும் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போடும் முறை மாறாது.

மணிச் சரம் 450 ரூபா. ஒரு சரத்தில 50 மணி, என்ட செட்டுக்கும் 50 மணிதான். அப்ப மணிச் செலவு 450 தானே?

இல்லை, 548. நூறு ரூபா இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

முதல் ஒழுக்கு, சாமான் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த செலவு. புறக்கோட்டையில் 30,000 ரூபாவுக்குச் சாமான் எடுத்தீர்கள், போய் வந்த பஸ் காசும் சுமை கூலியும் 3,600 ஆனது என்று வைப்போம். 30,000 க்கு 3,600 என்றால் 12 வீதம். அதாவது அந்தப் பையில் இருக்கும் ஒவ்வொரு சாமானின் விலையையும் 1.12 ஆல் பெருக்க வேண்டும். 450 ரூபாச் சரம் திருகோணமலைக்கு வந்து சேரும்போது 504 ரூபாச் சரம். கூரியரில் வரவழைத்தால் கூரியர் பில்லை இதே மாதிரிப் பிரியுங்கள். 5,000 ரூபாவுக்குச் சாமான் வாங்க ஒருவர் கொழும்புக்குப் போனால் இந்த வீதம் 70 ஐத் தாண்டிவிடும். அதனால்தான் சின்னக் கொள்வனவுக்குக் கூரியரும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கும்போது நேரில் போவதும் கட்டும்.

இரண்டாவது ஒழுக்கு, சேதாரம். சரத்தை அறுத்து ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். ஒன்றில் துளை அடைத்திருக்கும், வயர் நுழையாது. ஒன்றின் துளை ஓரம் உடைந்து கூராக இருக்கும். அதைக் கோர்த்தால் ஒரு மாதத்தில் வயரை அறுக்கும். இரண்டொன்று நிறம் வெளிறியிருக்கும், தனியாகப் பார்த்தால் தெரியாது, மாலையில் மற்ற மணிகளுக்கு நடுவில் வந்தால் உடனே கண்ணில் குத்தும். 10 சரத்தில் 500 மணி வாங்கி 460 தேறினால் சேதாரம் 8 வீதம். 5,040 ரூபாவை 460 ஆல் பிரித்தால் நல்ல மணி ஒன்று 10 ரூபா 96 சதம். 50 மணிக்கு 548 ரூபா.

இன்னொன்றும் இருக்கிறது. சரத்தில் 50, தேவை 50 என்று சரம் கணக்கில் வாங்கினால், ஒவ்வொரு செட்டும் மூன்று நாலு மணி குறைந்து நிற்கும். 10 செட் ஓடருக்கு 11 சரம் வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நீலம் கிடைக்காது. ஒவ்வொரு தொகுதியிலும் நிறம் சற்றே மாறிவரும்.

கிரிம்ப் மணி, வளையம் எல்லாம் ஒண்டு ரெண்டு ரூபா. அதையும் எழுதோணுமா?

எழுத வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் அல்ல. ஒரு செட்டுக்கு ஒருமுறை எழுதி வைத்தால் பாக்கெட் விலை மாறும்வரை அது போதும். நம் செட்டுக்கு 12 வீதப் பயணச் செலவும் சேதாரமும் சேர்த்து இப்படி வருகிறது:

நீலக் கண்ணாடி மணி 50: 548 ரூபா
உலோக மணி 15: 53 ரூபா
கோர்க்கும் வயர்: 28 ரூபா
கிரிம்ப் மணி: 5 ரூபா
கொக்கியும் வளையமும்: 27 ரூபா
தோட்டுக் கொக்கி ஒரு சோடி, துருப்பிடிக்காத உருக்கு: 56 ரூபா
தோட்டுக்குத் தலையூசி 2: 8 ரூபா
பெட்டி, அட்டை, சின்னப் பை: 85 ரூபா

மொத்தம் 810.

இதில் வயரை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும், அதிகம் பேர் பிழை விடுவது அங்கேதான். மாலை 46 சென்ரிமீற்றர் என்பதால் வயரும் 46 என்று போடுகிறார்கள். கிரிம்ப் மணிக்குள் வயரைத் திருப்பி விட்டு இறுக்க, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க 6, 7 சென்ரிமீற்றர் கையில் வேண்டும். ஆகவே வெட்டுவது 60. 10 மீற்றர் உருளையில் 60 சென்ரிமீற்றர்த் துண்டு 16 வரும், மீதி 40 சென்ரிமீற்றர் இந்த மாலைக்கு உதவாது. 448 ரூபா உருளையை 16 ஆல் பிரிக்க வேண்டும், மீற்றரால் அல்ல. வெட்டி எறிவதும் மாலைதான் சுமக்க வேண்டும்.

கிரிம்ப் மணி இரண்டு தேவை, கணக்கில் மூன்று போட்டிருக்கிறோம். குறட்டால் அழுத்தும்போது கோணலாக நசுங்கினால் அது வெடிக்கும், வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். நசுக்கியதும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். வயர் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் அது பிடிக்கவில்லை.

இந்தப் பொருட்களின் கடை விலையை மட்டும், தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் கூட்டினால் 596 ரூபாதான் வரும். 810 க்கும் 596 க்கும் இடையில் இருக்கும் 214 ரூபாவை எழுதாமல் விட்டவர், பெட்டியையும் பஸ் காசையும் சேதாரத்தையும் தன் கூலியில் இருந்து கொடுக்கிறார்.

கடற்கரையில பொறுக்கின சிப்பிக்குக் காசே போகேல்ல. அதுக்கு என்ன விலை?

கிட்டத்தட்ட 40 ரூபா, ஒரு நல்ல துளையிட்ட சிப்பிக்கு. சிப்பிக்குக் காசு இல்லை, அதை நகைக்கு ஏற்றதாக்குவதற்குத்தான் காசு.

20 சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி, ஊற வைத்து, பாசி சுரண்ட அரை மணி நேரம். மணித்தியாலத்துக்கு 250 ரூபாக் கூலியில் 125. துளையிட ஒன்றுக்கு 4 நிமிடம், 20 க்கு 80 நிமிடம், 333 ரூபா. 500 ரூபா வைரத்தூள் துளைமுனை ஒன்று நூறு துளை தாங்கும் என்றால் 20 க்கு 100 ரூபா. மொத்தம் 558. அதில் 6 உடையும், 14 தேறும். 558 ஐ 14 ஆல் பிரித்தால் 40.

சேதாரத்தைக் கூட்டாமல் பிரிக்க வேண்டும் என்பது இங்கேதான் நன்றாகப் புரியும். 558 ஐ 20 ஆல் பிரித்தால் 28. அதோடு 30 வீதத்தைக் கூட்டினால் 36 தான் வரும். உடைந்த ஆறின் செலவைத் தேறிய பதினான்குதான் சுமக்கின்றன, இருபது அல்ல. எனவே 28 ஐ 0.70 ஆல் பிரிக்க வேண்டும். சேதாரம் 5, 8 வீதத்தில் இருக்கும்வரை எந்த வழியில் போட்டாலும் சில ரூபாதான் வித்தியாசம். 30 வீதத்தில் அது கடிக்கும்.

உடைவு குறைய, கைத்துளைக் கருவியால் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் சிப்பியை வைத்து, உட்புறம் இருந்து மெல்லத் துளையுங்கள். அழுத்தினால் மறுபுறம் தகடாகப் பெயரும். தண்ணீர் முனையின் சூட்டையும் அடக்கும், தூளையும் அடக்கும். சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கூடாது, காய்ந்த நிலையில் துளைக்கவே வேண்டாம்.

எங்கே பொறுக்குகிறோம் என்பதும் முக்கியம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 இல் இருந்து தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியும் எடுத்து வரக் கூடாது. முருகைக்கல்லை எந்தக் கரையில் கண்டாலும் தொடாதீர்கள்.

வீட்டில சும்மா இருக்கிற நேரத்திலதானே செய்யிறன். செய்கூலி போடத்தான் வேணுமா?

போடுங்கள். இன்றைக்கு ஐந்து செட் கேட்கும் ஆள் அடுத்த மாதம் முப்பது கேட்டால், பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கோர்க்கக் கூப்பிட வேண்டி வரும். அவளுக்குக் கொடுக்க விலையில் இடம் இல்லையென்றால் அந்த ஓடரை விட்டுவிட வேண்டியதுதான்.

எவ்வளவு என்பதற்கு ஒரு அடித்தளம் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. அதற்குக் கீழே போகாதீர்கள். கைப்பழக்கம் வேண்டிய வேலை என்பதால் இந்தக் கணக்கில் 250 எடுத்திருக்கிறோம்.

நேரத்தை மனதால் மதிக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். நம் செட்டுக்கு மணி தெரிந்தெடுக்க 8 நிமிடம், கோர்க்க 22, கிரிம்பும் கொக்கியும் 10, தோடு 12, இழுத்துப் பார்த்துத் துடைக்க 3, பெட்டியில் வைக்க 5. மொத்தம் 60 நிமிடம், 250 ரூபா. கேட்டால் எல்லோரும் சொல்வது "அரை மணித்தியாலம்". கோர்க்கும் நேரம் மட்டுமே மனதில் நிற்கிறது, மற்றது நிற்பதில்லை.

புதிய வடிவத்தின் முதல் செட் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதை விலையில் ஏற்றாதீர்கள், அது நீங்கள் பழகிய நேரம். மிக வேகமாகச் செய்த செட்டையும் எடுக்காதீர்கள். மூன்றாவதில் இருந்து ஏழாவது வரை ஐந்து செட்டின் நேரத்தைக் குறித்து சராசரி எடுங்கள், அதுதான் உங்கள் உண்மையான நேரம். செட் செட்டாக முடிக்காமல் ஆறு செட்டுக்கும் மணி தெரிந்தெடுப்பது, பிறகு ஆறையும் கோர்ப்பது என்று வேலை வேலையாகச் செய்தால் நேரம் குறையும். அந்தக் குறைவு உங்களுடையது, விலையைக் குறைக்கத் தேவையில்லை.

குறடு, கரண்ட், போன் டேட்டா இதையெல்லாம் ஒரு மாலையில எப்பிடிப் போடுறது?

மாதத்துக்குக் கூட்டி, அந்த மாதம் விற்ற எண்ணிக்கையால் பிரியுங்கள். 4,800 ரூபாக் குறடு செட் ஒரு வருடம் வரும், மாதம் 400. மின்சாரம் 600. டேட்டா 1,500. படம் எடுப்பது, மெசேஜுக்குப் பதில் போடுவது, சாமான் எடுக்கப் போவது எல்லாம் மாதம் 10 மணி நேரம், 2,500 ரூபா. மொத்தம் 5,000. மாதம் 40 செட் விற்றால் ஒன்றுக்கு 125.

செய்த எண்ணிக்கையால் பிரிக்க வேண்டாம். பெட்டியில் கிடக்கும் மாலை டேட்டாக் காசைக் கட்டாது. தொடக்கத்தில் மாதம் 10 தான் விற்கிறது என்றால் ஒன்றுக்கு 500 வரும், அது எந்த விலையிலும் பொருந்தாது. அப்படியானவர்கள் ஆறு மாதத்தில் எட்டக்கூடிய எண்ணிக்கையை வைத்துப் பிரித்து, மிச்சத்தைத் தொடங்கும் செலவு என்று தனியாக எழுதி வைப்பது நல்லது.

இப்போது அடக்க விலை முழுமையாகிறது. பொருள் 810, செய்கூலி 250, பொதுச் செலவு 125. மொத்தம் 1,185 ரூபா.

எனக்கு 30 வீதம் இலாபம் வேணும். 1,185 ஓட 30 வீதத்தைக் கூட்டினாச் சரிதானே?

அப்படிக் கூட்டினால் 1,540 வரும், அதில் உங்கள் இலாபம் 30 வீதம் அல்ல, 23 வீதம். இலாபம் 355 ரூபா, அது 1,540 இல் 23 வீதம்தான்.

அடக்க விலையின் மேல் கூட்டுவது ஒன்று, விற்ற விலையில் மிஞ்சுவது இன்னொன்று. தள்ளுபடி, கடைக் கொமிஷன், அட்டைக் கட்டணம் எல்லாமே விற்ற விலையில் இருந்துதான் வெட்டப்படும். எனவே இலாபத்தையும் அதே விலையில் இருந்து எண்ணினால்தான் எல்லாம் ஒரே அளவுகோலில் வரும். 100 ரூபாவுக்கு விற்றால் 30 எனக்கு, 70 அடக்கம் என்று நினையுங்கள். 1,185 ஐ 0.70 ஆல் பிரித்தால் 1,693. விலை 1,700. இலாபம் 515.

செய்கூலி தனி, இந்த 515 தனி. கூலி நீங்கள் செய்த வேலைக்கு. இலாபம் அடுத்த மாதச் சாமானுக்கும், விற்காமல் போன வடிவத்துக்கும், சீசன் தொடங்கும் மே மாதத்துக்கு முன்பு கூடுதலாக மணி எடுத்து வைக்கவும். இரண்டையும் ஒரே பணமாக எடுத்து வீட்டுச் செலவுக்குப் போட்டால், நன்றாக விற்ற மாதத்துக்குப் பிறகு சரம் வாங்கக் காசு இருக்காது.

நிலாவெளியில ஒரு கடையில வைக்கச் சொல்லுறாங்க, 35 வீதம் கொமிஷன். 1,700 க்கே குடுக்கலாமா?

கொடுத்தால் ஒவ்வொரு செட்டிலும் 80 ரூபா நட்டம். 1,700 இல் 35 வீதம் 595. கையில் வருவது 1,105. அடக்கமே 1,185.

கடைக்கு விலை வேண்டுமானால் 1,700 ஐ 0.65 ஆல் பிரியுங்கள். 2,615, சுற்றி 2,600. கொமிஷன் 910 போக 1,690 உங்களுக்கு. 35 வீதம் அநியாயம் இல்லை. அந்தக் கடை வாடகை, விளக்கு, நிற்கும் பிள்ளையின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பக்கம் படமும் மெசேஜும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வரும். கடையில் 2,600, உங்கள் இணையப் பக்கத்தில் அதே செட் 1,700 என்றால், யாராவது போனில் தேடிக் கடைக்காரருக்குக் காட்டுவார். அதன் பிறகு உங்கள் தட்டு கடையின் பின் மூலைக்குப் போகும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லா இடத்திலும் 2,600, நீங்கள் நேரே விற்கும்போது கூடுதல் இலாபம். இன்னொன்று, கடைக்கென்று தனி வடிவம். நாங்கள் சொல்வது இரண்டாவது. ஊர்ச் சனத்துக்கு 2,600 கூடிவிடும். கடலுக்கு வந்தவர் கேட்பது வேறு, கிழக்குக் கரைக்கு ஆட்கள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை அந்த வடிவத்தையே செய்து கொடுக்கலாம். வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்று ஒரே செட்டுக்கு வைக்காதீர்கள், ஊர் சின்னது.

கடையில் வைக்கும்போது எத்தனை செட், எந்த விலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை காசு, காணாமல் போனால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காணாமல் போவதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

இதே மாதிரி மாலை 500 ரூபாவுக்கு இருக்கு எண்டு ஆட்கள் சொல்லுறாங்க. 1,250 க்குள்ள எப்பிடியாவது குடுக்கலாமா?

இந்த செட்டை அல்ல, இன்னொரு செட்டைக் கொடுக்கலாம். விலையை வெட்டாமல் வடிவத்தை மாற்றுங்கள். 500 ரூபா மாலை இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது, அதோடு ஓட முடியாது.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 1,250 இல் 30 வீதம் இலாபம் என்றால் அடக்கத்துக்கு 875 மிஞ்சும். பொதுச் செலவு 125, பெட்டி 85 குறையாதவை. மிச்சம் 665. செய்கூலியும் பொருளும் அதற்குள் அடங்க வேண்டும்.

எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள். 810 இல் 548 நீல மணிக்குப் போகிறது. கழுத்துக்குப் பின்னால் தலைமயிருக்குள் இருக்கும் மணியை யாரும் பார்ப்பதில்லை. அதை எடுத்துவிட்டுச் சங்கிலி போடலாம். முன்னால் மட்டும் 21 நீல மணி, இடையில் 6 உலோக மணி, இரண்டு பக்கமும் 12 சென்ரிமீற்றர்ச் சங்கிலி. தோட்டுக்கு 2 சேர்த்து நீல மணி 23, 252 ரூபா. மீற்றர் 336 ரூபாச் சங்கிலியில் 24 சென்ரிமீற்றராக நாலு மாலைக்கு வரும், 84 ரூபா. 12 அரை சென்ரிமீற்றர் வைத்தால், வெட்டும் இடத்தில் வளையம் போவதால், நாலாவது மாலை ஒரு வளையம் குறைந்து நிற்கும், மூன்றுதான் தேறும், செலவு 112 ஆகிவிடும். அரை சென்ரிமீற்றருக்காக 28 ரூபா.

உலோக மணி 28, வயர் 14, கிரிம்ப் 5, கொக்கியும் வளையமும் 31, தோட்டுக் கொக்கி 56, தலையூசி 8. பொருள் மொத்தம் 478. கோர்ப்பதும் குறைவதால் நேரம் 40 நிமிடம், 167 ரூபா. இரண்டும் சேர்ந்து 645, 665 க்குள் அடங்கிவிட்டது. அடக்கம் 855, விலை 1,250, இலாபம் 395. வீதத்தில் முதல் செட்டைவிடச் சற்றே கூட.

இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கலாம். 1,700 கூட என்று சொல்பவருக்கு 1,250 ஐக் காட்டலாம், யாரோடும் பேரம் பேசத் தேவையில்லை.

10 வீதம் குறைச்சுத் தாங்கோ எண்டா குடுக்கலாமா?

1,700 இல் 10 வீதம் 170. உங்கள் இலாபம் 515 இல் அது மூன்றில் ஒரு பங்கு. வாங்குபவருக்குப் பத்திலொன்று, உங்களுக்கு மூன்றிலொன்று.

காரணத்தோடு மட்டும் குறையுங்கள். கலியாணத்துக்கு ஒரே நிறத்தில் 8 செட் கேட்டால் படம், மெசேஜ், மணி தெரிந்தெடுப்பு எல்லாம் ஒரே தடவையில் முடியும். அந்த மிச்சத்தை விட்டுக்கொடுக்கலாம். ஒரு செட்டுக்குக் கேட்பவருக்குத் தள்ளுபடிக்குப் பதில் சின்ன மணித் தோடு ஒன்று சேர்த்துக் கொடுத்தால், மிஞ்சிய மணியில் செய்தது 90, 100 ரூபா அடக்கத்தில் முடியும், அவருக்கும் அது பெரிதாகத் தெரியும்.

பார்சல் எடுக்காம திரும்பி வந்தா அந்தச் செலவு ஆருக்கு?

சாமான் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையில், உங்களுக்குத்தான். கூரியர் 400, கசங்கிய பெட்டி 85, மறுபடி சரிபார்த்துப் பொதி செய்ய 10 நிமிடம் 42. ஒரு தடவைக்கு 527. பதினைந்துக்கு ஒன்று திரும்புகிறது என்றால், அனுப்பும் ஒவ்வொரு பார்சலுக்கும் 35 ரூபா. இதை நகை விலையில் போடாதீர்கள், நேரில் வந்து வாங்குபவர் ஏன் கட்ட வேண்டும்? அனுப்பும் கட்டணத்தில் போடுங்கள். முதலில் காசு அனுப்புபவருக்கு 400, கையில் கிடைத்ததும் தருபவருக்கு 450 என்று இரண்டு கட்டணம் வைத்தால் பலர் முதலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். பெயர் போட்ட நகை, கேட்ட நிறத்தில் செய்த நகை என்றால் பாதிப் பணம் முன்னால் வாங்காமல் மணியை அறுக்க வேண்டாம்.

மழைக்காலம் முடிஞ்சு பெட்டியைத் திறந்தா தோட்டுக் கொக்கி எல்லாம் கறுத்துப் பச்சை பிடிச்சிருக்கு. இது எந்தக் கணக்கில வரும்?

இதுவும் சேதாரம்தான், ஆனால் கோர்க்கும்போது அல்ல, காத்திருக்கும்போது நடப்பது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை காற்றில் ஈரமும் கடல் உப்பும் கூட. மலிவான கொக்கியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு கலந்த உலோகம்; முலாம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் உப்பு பிடித்து, செம்பு பச்சையாகிறது. காதில் புண் வருவதற்கு இன்னொரு காரணம் அதில் இருக்கும் நிக்கல்.

15 ரூபாக் கொக்கிக்கும் 50 ரூபா உருக்குக் கொக்கிக்கும் வித்தியாசம், பயணச் செலவோடு 39 ரூபா. பச்சை பிடித்த சோடியைக் கழற்றிப் புதிதாக மாட்ட, கொக்கி 56, தலையூசி 8, 20 நிமிடக் கூலி 83, ஆக 147 ரூபா. நாலில் ஒரு சோடி இப்படிப் போனாலே மிச்சம் பிடித்த 39 இல் 37 போய்விட்டது. காது வெந்தவர் மறுபடி வாங்க மாட்டார், அது எந்தக் கணக்கிலும் வராது. அதனால்தான் மேலே உருக்குக் கொக்கியைப் போட்டோம். செட்டில் மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

செய்த நகையைத் திறந்த தட்டில் தொங்கவிடாமல், காற்றை வெளியே அழுத்தி மூடிய சின்னப் பைகளில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். சீசன் முடியும் செப்டெம்பர் கடைசியில் கையில் இருப்பதை எண்ணி, மூன்று மாதமாக விற்காத வடிவத்தை அடக்க விலைக்காவது விடுங்கள். மழைக்குள் வைத்திருந்தால் அந்த விலையும் கிடைக்காது.

மணி பழைய விலைக்கு வாங்கினது. இப்ப சரம் 520. பழைய விலையிலேயே போடலாமா?

புது விலையில் போடுங்கள். இன்று விற்கும் செட்டின் காசில்தான் அடுத்த சரம் வாங்கப் போகிறீர்கள். 450 என்று வைத்து விற்றுத் தீர்த்தால், கையில் இருப்பது 520 க்குப் போதாது, ஒவ்வொரு சுற்றிலும் வாங்கும் சரம் குறையும்.

கண்ணாடி மணியும் கொக்கியும் வெளிநாட்டில் இருந்து வருபவை, டொலரோடு ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. பழைய பில்லை வைத்து விலை போட்டவர்களிடம் அந்த ஜூனில் விற்ற காசு இருந்தது, ஆனால் அதே அளவு மணி வாங்க முடியவில்லை.

நம் செட்டில் சரம் 520 ஆனால் 520 ஐ 1.12 ஆல் பெருக்கி 0.92 ஆல் பிரியுங்கள். மணிச் செலவு 633, அடக்கம் 1,270, விலை 1,814, சுற்றி 1,800. சரம் ஏறியது 70 ரூபா, விலை ஏற வேண்டியது 100. பயணமும் சேதாரமும் இலாபமும் அதன் மேல் ஏறுவதால் அப்படி. ஏற்கனவே விலை சொல்லி முன்பணம் வாங்கிய ஓடரை மட்டும் பழைய விலையில் முடித்துக் கொடுங்கள். மற்ற எல்லா அட்டையிலும் அன்றைக்கே விலையை மாற்றுங்கள்.